புரோக்கரைப் பார்க்கும் முன் காசு போகும் கணக்கைப் பாருங்கள்

"காக்கா, கீழக்கரையில் சின்னதாக ஃபேன்சி கடை வைத்திருக்கிறேன். 3 லட்சம் சேர்ந்திருக்கிறது, ஷேரில் போடலாம் என்று நினைக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒருவர் பெரிய புரோக்கரின் ஆள் என்கிறார், காசைத் தன் ஜிபேக்கு அனுப்பினால் போதுமாம். ஒரு ஆன்லைன் ஆப்பில் வாங்கி வைப்பதற்குக் கமிஷனே இல்லையாம். துபாயில் இருக்கும் மச்சான் வெளிநாட்டு கரன்சியில் வியாபாரம் செய்யும் ஒரு ஃபாரெக்ஸ் ஆப் சொல்கிறான், டாலரில் கட்ட வேண்டும், வெளிநாட்டு லைசென்ஸ் இருக்கிறதாம். மூன்றில் எதை எடுப்பது?"

தம்பி, மச்சான் சொல்வதை முதலில் ஒதுக்கிவிடலாம், அது சுலபம். இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் வெளிநாட்டு ஃபாரெக்ஸ் ஆப்புக்கு வியாபாரத்துக்கு ஈடாகக் கட்டும் மார்ஜின் பணம் அனுப்ப அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கவில்லை. இங்கே கரன்சியில் வியாபாரம் செய்வதென்றால் அது என்எஸ்இ, பிஎஸ்இ போன்ற எக்ஸ்சேஞ்சுகளிலோ ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்களிலோதான். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து அனுமதியில்லாத தளங்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டுவருகிறது. அதில் பெயர் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகிவிடாது. அப்புறம் அந்த லைசென்ஸ். எந்த நாட்டுடையது என்று மச்சானிடம் கேளுங்கள். செயின்ட் வின்சென்ட் என்று பதில் வந்தால் சிரித்துவிடலாம். ஃபாரெக்ஸ் புரோக்கர்களுக்குத் தாங்கள் லைசென்ஸ் கொடுப்பதே இல்லை என்று அந்தத் தீவின் நிதி அமைப்பே அறிவித்திருக்கிறது. அங்கே கம்பெனி பதிவு செய்த காகிதத்தைத்தான் லைசென்ஸ் என்று காட்டுகிறார்கள்.

இந்த மாதிரி ஆப்களில் இன்னொரு அடையாளம் உண்டு. ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் யுபிஐயில் வேறு வேறு ஆள் பெயர் வரும். இன்றைக்கு ஒரு டிராவல்ஸ், நாளைக்கு ஒரு மொபைல் கடை. உங்கள் பணம் யாரோ வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்கு வழியாகப் போகிறது என்று அர்த்தம். அதில் ஒரு கணக்கைப் போலீஸ் முடக்கினால் உங்கள் கடைக் கணக்கும் சேர்ந்து முடங்கலாம். மச்சான் துபாயில் வேலை பார்க்கிறார், அங்குள்ள சட்டப்படி அவர் என்ன செய்தாலும் அது அவர் பாடு. கீழக்கரையிலிருந்து நீங்கள் அனுப்புவதுதான் சிக்கல்.

மிச்சமிருக்கும் இரண்டைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. நான் இருபது வருடம் ஒரு புரோக்கர் கிளையில் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஆப் அழகாக இருக்கிறதா, விளம்பரத்தில் யார் வருகிறார் என்பதையெல்லாம் நான் பார்ப்பதில்லை. காசு எந்தப் பெயருள்ள கணக்கில் போய் விழுகிறது, ராத்திரி எங்கே இருக்கிறது, வாங்கிய பங்கு யார் பெயரில் நிற்கிறது, இதைத்தான் பார்ப்பேன்.

ராமநாதபுரத்துக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. புரோக்கரின் கீழ் உள்ளூரில் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கு ஆத்தரைஸ்டு பெர்சன் என்று பெயர். அது முறையான தொழில். அவர் பெயரை எக்ஸ்சேஞ்ச் தன் பட்டியலில் சேர்த்துக் குறியீடு கொடுத்திருக்கும், அதை எக்ஸ்சேஞ்ச் வலைத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். புரோக்கருக்கோ பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கொடுத்த பதிவு எண் இருக்கும். அது INZ என்று தொடங்கும். இந்த எழுத்துகளைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஆளுக்கு ஆள் ஏதோ ஒரு எண்ணைக் காட்டுகிறார்கள். INH என்று தொடங்கினால் அது ஆராய்ச்சி அறிக்கை எழுதுபவரின் எண், INA என்றால் ஆலோசகரின் எண். இரண்டும் உண்மையான செபி பதிவுதான். ஆனால் வியாபாரத்துக்கென்று உங்கள் காசை வாங்கி வைக்கும் உரிமை இரண்டிலும் கிடையாது. ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் பதிவு இதெல்லாம் டீக்கடைக்கும் கிடைக்கும்.

எண் கிடைத்ததும் அவர் அனுப்பிய லிங்க்கை அழுத்தாதீர்கள். நீங்களே sebi.gov.in என்று தட்டி, அங்கீகரிக்கப்பட்ட இடைத்தரகர்கள் பகுதியில் தேடுங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அங்கே இருக்கும் முகவரி, மின்னஞ்சல், வலைத்தளப் பெயர் எல்லாம் உங்களிடம் வந்தவரோடு பொருந்த வேண்டும். இன்னொருவரின் உண்மையான INZ எண்ணைத் தூக்கித் தங்கள் போலி ஆப்பில் ஒட்டிக்கொள்வது இப்போது சாதாரணமாக நடக்கிறது.

சரி, எண்ணும் சரி, ஆளும் சரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் "என் ஜிபேக்கு அனுப்பு" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஆத்தரைஸ்டு பெர்சன் உங்கள் காசைத் தன் கணக்கிலோ கையிலோ வாங்கக் கூடாது. அந்தக் காசை அவர் சொன்னபடியே கொண்டுபோய்க் கட்டினாலும் புரோக்கர் லெட்ஜரில் அது உங்கள் பெயரில் ஏறாது. நாளைக்குத் தகராறு வந்தால் எக்ஸ்சேஞ்ச் முதலில் கேட்பது உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து புரோக்கரின் கணக்குக்குப் போனதற்கான சான்றைத்தான். மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று சொல்லி வாங்கிய காசுக்கு எக்ஸ்சேஞ்சின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியும் கைகொடுக்காது.

முறையாகக் காசு போகும் வழி இதுதான். செபி 2023இல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் பணத்தை வாங்குவதற்கென்றே புரோக்கர் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கின் பெயரிலேயே USCNB என்ற எழுத்துகள் இருக்கும். புரோக்கர் தன் வாடகை, சம்பளம், சொந்த வியாபாரம் எதற்கும் அதைத் தொடக் கூடாது. சாயங்காலம் ஆனதும் அதில் சேர்ந்த வாடிக்கையாளர் பணத்தை எக்ஸ்சேஞ்சில் நடந்த வியாபாரத்துக்குக் கணக்குத் தீர்க்கும் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு ஏற்றிவிட வேண்டும். பணமாகவே ஏற்றலாம், வைப்புநிதி ரசீதாகவோ ஒருநாள் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டாகவோ ஏற்றலாம். ஆக, ராத்திரி உங்கள் காசு புரோக்கர் வீட்டில் தங்குவதில்லை. முன்பு தங்கியது. வாடிக்கையாளர்கள் சும்மா விட்டுவைத்த காசில் புரோக்கர் வட்டி பார்ப்பதும், மற்றவர் நஷ்டத்தை அதில் ஈடுகட்டுவதும் நடந்தது.

இதை நீங்கள் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து புரோக்கர்களின் யுபிஐ முகவரியில் @valid என்ற சொல்லும் அதை ஒட்டி வங்கியின் பெயரும் வர வேண்டும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் படமும் தெரியும். செபியின் SEBI Check என்ற பக்கத்தில் யுபிஐ முகவரியையோ, வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் சேர்த்தோ கொடுத்தால், அது பதிவு பெற்றவருடையதா என்று சொல்லிவிடும். அரை நிமிட வேலை.

பங்குக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். நம்ம ஊர்ப்பக்கம் மிளகாய் மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். விவசாயி முண்டு மிளகாய் மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு, விலை ஏறட்டும் என்று வீட்டுக்குப் போகிறார். மூட்டை அவருடையதுதான், சீட்டும் கையில் இருக்கிறது. மண்டிக்காரர் அதையே காட்டி வங்கியில் கடன் வாங்கிவிட்டால்? கடன் திரும்பாத நாளில்தான் விஷயம் வெளியே வரும். கார்வி புரோக்கிங்கில் நடந்தது இதுதான். வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பவர் ஆஃப் அட்டர்னியைப் பயன்படுத்தி அவர்கள் பங்குகளை, பங்கை மின்னணு வடிவில் வைக்கும் தன் டீமேட் கணக்கு ஒன்றுக்கு மாற்றி, வங்கிகளில் அடகு வைத்தார்கள். சுமார் 95,000 பேரின் பங்குகள், மதிப்பு 2,300 கோடி ரூபாய் அளவு. செபி 2019 நவம்பர் 22 அன்று உத்தரவு போட்டது. அது பதிவு பெற்ற, பேர் பெற்ற, ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த புரோக்கர் என்பதை மறந்துவிடாதீர்கள். பதிவு எண்ணைப் பார்த்ததோடு வேலை முடியவில்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

அதன்பின் விதிகள் மாறின. 2020 செப்டம்பரிலிருந்து பங்கை மார்ஜினுக்கு வைப்பதென்றால் அது உங்கள் டீமேட்டிலேயே இருந்தபடி, உங்கள் போனுக்கு வரும் ஓடிபியோடுதான் அடகு, அதாவது பிளெட்ஜ் ஆகும். வாங்கிய பங்கு எல்லாருடையதும் சேர்ந்து நிற்கும் புரோக்கரின் பூல் கணக்கில் தங்காமல் நேராக உங்கள் டீமேட்டில் வந்து சேரும் முறை அதற்கும் பிறகு வந்தது. பவர் ஆஃப் அட்டர்னி இருந்த இடத்தில் டிடிபிஐ என்ற குறுகிய அதிகாரப் பத்திரம் இருக்கிறது. அதுவும் கட்டாயமில்லை. கணக்குத் துவக்கும்போது அதில் கையெழுத்துப் போடாமல் விட்டால், விற்கும்போது பின் நம்பரும் ஓடிபியும் கொடுக்க வேண்டியிருக்கும். வருடத்துக்கு நாலு தடவை விற்கப்போகும் உங்களுக்கு அது ஒரு தொந்தரவே இல்லை.

இத்தனை பூட்டுக்கும் ஒரே சாவிதான், உங்கள் போன் நம்பர். ஏமாற்றுகிற உள்ளூர் ஆள் முதலில் கை வைப்பதும் அதில்தான். எங்கள் கிளைக்குத் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் அழகாக அச்சடித்த ஸ்டேட்மென்ட், அதில் 4 லட்சத்துக்குப் பங்கு இருப்பதாகக் காட்டியது. கணினியில் பார்த்தால் அவர் கணக்கில் 11,000 சொச்சம்தான். ஏஜென்ட் விண்ணப்பத்தில் தன்னுடைய மின்னஞ்சலையும் தன் தம்பியின் போன் நம்பரையும் எழுதியிருந்தார். வாங்கி விற்றதைக் காட்டும் காண்ட்ராக்ட் நோட், எஸ்எம்எஸ், மாதக் கணக்கு எல்லாம் இரண்டு வருடமாக அங்கேதான் போயின. பெரியவர் பார்த்த ஸ்டேட்மென்ட் ஏஜென்ட் எக்செலில் அடித்தது. அவர் கொடுத்த பணத்தில் பாதி ரொக்கம், சான்று கிடையாது. வங்கி வழியே கணக்குக்கு வந்த பாதி, அவருக்குத் தெரியாமலேயே தினமும் வாங்கி விற்றதில் கரைந்திருந்தது. அந்த ஏஜென்ட்டுக்குக் கமிஷன் மட்டும் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தப் பெரியவருக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

அதனால் விண்ணப்பத்தை உங்கள் கையால், உங்கள் போனில் நிரப்புங்கள். கணக்குத் துவங்கியதும், டீமேட் பங்குகளை வைத்திருக்கும் அமைப்புகளான சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் தளத்தில் நீங்களே ஒரு லாகின் வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் ஆப்பில் தெரியும் பங்கு எண்ணிக்கையும் அங்கே தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டும். புரோக்கர் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன உங்கள் பண இருப்பை எக்ஸ்சேஞ்சும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும். பலர் அதை விளம்பரம் என்று அழித்துவிடுகிறார்கள். அதை லெட்ஜரோடு ஒப்பிடுங்கள், பத்து ரூபாய் வித்தியாசம் என்றாலும் காரணம் கேளுங்கள்.

சும்மா கிடக்கும் பணத்தைப் புரோக்கர் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ உங்கள் வங்கிக்குத் திருப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எது வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள், மாதம் என்றே போடுங்கள். பொதுவாக அந்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையை ஒட்டி வரும். சொல்லாமல் காசு திரும்பி வந்துவிட்டதே என்று பதறிப் போன் செய்பவர்கள் உண்டு. வராமல் போனால்தான் பதற வேண்டும்.

இனிக் கட்டணம். 50,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி, சில மாதம் வைத்திருந்து 55,000க்கு விற்கிறீர்கள். எந்தப் புரோக்கரிடம் போனாலும் மாறாத செலவு முதலில். பங்கு வியாபாரத்துக்கு அரசு போடும் எஸ்டிடி வரி வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம், ஆக 105 ரூபாய். வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 7.50. எக்ஸ்சேஞ்ச் கட்டணம், செபி கட்டணம், அதற்கான ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து நாலு ரூபாய்க்குள். மொத்தம் 116 சொச்சம். விற்ற அன்று டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கு டிபி சார்ஜ் என்று ஒன்று உண்டு. அது 15 ரூபாய் என்று வைத்தால் ஜிஎஸ்டியோடு 17.70.

கமிஷன் இல்லாத ஆப்பில் செலவு இத்தோடு முடிந்தது, சுமார் 134 ரூபாய். ராமநாதபுரத்துக்காரர் 0.5 சதவீதம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,05,000க்கு 525 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 94.50. மொத்தச் செலவு 753 ரூபாய். உங்கள் 5,000 லாபத்தில் ஒருவரிடம் 4,866 மிஞ்சும், இன்னொருவரிடம் 4,247. வருடத்துக்கு இரண்டு தடவை செய்தால் இது ஒன்றும் பெரிய தொகையில்லை. போனில் பேச ஓர் ஆள், கையெழுத்துக்கு வீட்டுக்கு வர ஓர் ஆள் வேண்டும் என்றால் அதற்கான கூலி என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு தடவை செய்பவருக்கு அதுவே முதலைத் தின்றுவிடும். கேட்டால் குறைப்பார்கள். 0.5 என்பவர் 0.2க்கு வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஜீரோ என்று போட்டிருப்பவர் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார். டிபி சார்ஜ் என்பது ஒரு நாளில் ஒரு கம்பெனிப் பங்கை விற்றால் இவ்வளவு என்று வருவது, தொகையைப் பார்த்து வருவதில்லை. 800 ரூபாய்ப் பங்கை விற்றாலும் அதே 17.70தான், அங்கே அது இரண்டு சதவீதத்துக்கு மேல். துண்டு துண்டாக விற்காதீர்கள். அடுத்து டீமேட் ஆண்டுக் கட்டணம். உங்களுக்கு ஒரே டீமேட் கணக்குதான் இருந்து, அதில் இருக்கும் பங்கின் மதிப்பு 4 லட்சத்துக்குள் இருந்தால் பிஎஸ்டிஏ என்ற அடிப்படைக் கணக்கில் அது கிடையாது. உங்கள் 3 லட்சம் அதற்குள் அடங்கும், கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, எம்டிஎஃப். பாதிக் காசை நீ போடு, மீதியை நான் தருகிறேன் என்று புரோக்கர் கொடுக்கும் கடன் அது, வட்டி நாள் கணக்கில் ஓடும். வாங்கும் திரையில், முழுக் காசும் கொடுத்து வாங்கி வைக்கும் டெலிவரிக்குப் பக்கத்திலேயே அந்தப் பொத்தான் இருக்கும், விரல் தவறினால் பட்டுவிடும். வட்டி நமக்கு வேண்டாம் என்றிருப்பவர்கள் அந்த வசதியையே கணக்கில் அடைத்து வைப்பது நல்லது.

கடைசியாக, ஆப் நிற்காமல் ஓடுமா என்பது. நிற்காத ஆப் எதுவும் இல்லை, எக்ஸ்சேஞ்சே நின்றிருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இ 11:40 வாக்கில் நின்று, 3:45க்குத்தான் மறுபடி திறந்து 5 மணி வரை ஓடியது. அன்றே முடிக்க வேண்டிய வியாபாரத்தில் இருந்தவர்கள் பலருக்கு, என்எஸ்இ திறக்கும் முன்பே புரோக்கர்கள் பிஎஸ்இயில் முடித்துவிட்டதால் நஷ்டம். வாங்கி வைத்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று ஒன்றுமே ஆகவில்லை. நீங்கள் இரண்டாவது ரகம் என்பதால் இதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். புரோக்கர் என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டிலும் உறுப்பினரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நானே அடி வாங்கியிருக்கிறேன். "விலை இதற்குக் கீழே போனால் விற்றுவிடு" என்று மாதக்கணக்கில் போட்டு வைக்கும் ஜிடிடி ஆர்டர், புரோக்கரின் கணினியில்தான் உட்கார்ந்திருக்கும். விலை வந்த பிறகுதான் அது எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். ஒருநாள் காலை 9:20க்கு என் புரோக்கரின் ஆப் தொங்கிவிட்டது, ஜிடிடி போகவே இல்லை. சரியானபோது விலை நான் வைத்த இடத்திலிருந்து ஆறு சதவீதம் கீழே. அன்றைக்கென்று காலையில் போடும் ஸ்டாப்லாஸ் ஆர்டர் அப்படியில்லை. எக்ஸ்சேஞ்ச் அதை ஏற்றுக்கொண்டால் அங்கேயே இருக்கும். ஐப்பசி மழையில் டவர் போய் உங்கள் போன் செத்தாலும் அது வேலை செய்யும். புரோக்கரின் கணினியே விழுந்துவிட்டால் முடியாமல் நிற்கும் வியாபாரத்தை மட்டும் முடித்துக்கொள்ள எக்ஸ்சேஞ்சுகள் ஐஆர்ஆர்ஏ என்ற தளத்தை 2023 அக்டோபரிலிருந்து வைத்திருக்கின்றன. அதற்கான செய்தியும் பதிவான போனுக்குத்தான் வரும்.

எந்தப் புரோக்கரின் ஆப் தாங்கும் என்று தெரிய விமர்சனம் படித்துப் பயனில்லை. 3 லட்சத்தையும் போடாமல் 5,000 மட்டும் போடுங்கள். காலை 9:15க்குக் கூட்டம் முட்டும் நேரத்தில் ஒரே ஒரு பங்கு வாங்குங்கள். ராத்திரிக்குள் காண்ட்ராக்ட் நோட் உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறதா, மறுநாள் பங்கு சிடிஎஸ்எல் லாகினில் தெரிகிறதா பாருங்கள். போனில் ஆர்டர் எடுக்கும் நம்பருக்கு ஒருமுறை கூப்பிட்டு, எத்தனை நிமிடத்தில் ஆள் எடுக்கிறார் என்று கடிகாரத்தைப் பாருங்கள். அப்புறம் மிச்சப் பணத்தில் 1,000 ரூபாயைத் திரும்பக் கேளுங்கள். அது எந்தப் பெயருள்ள கணக்கிலிருந்து வருகிறது என்று பாஸ்புக்கில் பாருங்கள். முறைப்படி திருப்பும் கணக்கின் பெயரில் DSCNB என்றிருக்கும்.

ராமநாதபுரத்துக்காரரிடமும் கோபப்பட வேண்டாம். "ஜிபே வேண்டாம் பாய், கம்பெனியின் USCNB கணக்கு விவரம் அனுப்புங்கள், உங்கள் ஆத்தரைஸ்டு பெர்சன் குறியீடும் அனுப்புங்கள்" என்று மட்டும் கேளுங்கள். உண்மையான ஆளாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார், கமிஷனை 0.2க்குப் பேசிக்கொள்ளலாம். கணக்கு விவரத்துக்குப் பதிலாக "என்ன தம்பி, என்மேல் நம்பிக்கை இல்லையா" என்று வந்தால் கமிஷன் இல்லாத அந்த ஆப்பிலேயே கணக்கைத் துவங்கிவிடுங்கள்.